கம்ப்ரசர் மோட்டாரின் மூன்று குதிரை

தெருவில் எல்லோருக்கும் அவள் காயில்காரி. பதினோரு வருஷம் இன்னொருவர் பட்டறையில் மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றியவள், போன மாதம்தான் தனிக்கடை போட்டாள். டயர்கடை வைத்திருக்கும் அக்கா புருஷன்தான் முதல் மோட்டாரைக் கொடுத்தார்; டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரை ஓட்டுகிற மூன்று குதிரைசக்தி மோட்டார். அதே மோட்டாரை இப்போது தள்ளுவண்டியில் கொண்டுவந்து வாசலில் இறக்கினார்.

"டேங்க்ல பாதி காத்து ஏறுறதுக்குள்ள ட்ரிப் ஆகி நின்னுடுது. மூணு குதிரையில ஒண்ணை அவுத்து நீயே வச்சுக்கிட்டியா?"

கிண்டல்தான். ஆனால் அக்கம்பக்கத்துப் பட்டறைக்காரர்கள் அவர் என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருந்தார்கள். அவர் வாயால் கெட்ட பேர் வந்தால் கடையை மூட வேண்டியதுதான். கம்பி மெலிசாகிவிட்டதோ, சுற்று எண்ணியதில் பிசகோ? அவள் மனசுக்குள் மறுபடி எண்ணிப் பார்த்தாள்.

"உக்காருங்க மாமா. அளந்தே பாத்துடலாம்."

அச்சில் இருந்த, பெல்ட் ஓடும் புல்லியை அவசரமாகக் கழற்றி ஓரமாகப் போட்டாள். அந்த இடத்தில் ஓர் இரும்பு உருளையை மாட்டினாள். நடுவிலிருந்து விளிம்புக்குப் பத்து சென்டிமீட்டர். உருளை மேல் கயிற்றைச் சுற்றி, இரண்டு முனையிலும் ஒவ்வொரு வில்தராசு கட்டி, மோட்டாரை ஓடவிட்டுக் கயிற்றை இறுக்கினாள். சூடேறாமலிருக்கத் தண்ணீர் தெளித்தாள். ஒரு தராசு பதினேழு காட்டியது, மற்றது இரண்டு.

"பதினஞ்சு கிலோ இழுக்குது. அவ்வளவுதானே?" என்றார் மாமா.

"இழுத்தா மட்டும் போதாது. இழுக்கும்போது எவ்வளவு வேகமா சுத்துதுன்னு பாக்கணும். தடுமாறி ஆயிரத்து இருநூறு சுத்துக்கு இறங்கிட்டா அது மூணு குதிரை இல்ல."

வேகமானியை அச்சு முனையில் வைத்தாள். எண் ஆடி, ஆடி, நின்றது: நிமிஷத்துக்கு ஆயிரத்து நானூற்று நாற்பது சுற்று. இழுவையையும் வேகத்தையும் ஓர் அட்டையில் பெருக்கிப் பார்த்தாள். இரண்டாயிரத்து இருநூறு வாட்டுக்கும் மேலே. மூன்று குதிரைக்கு மயிரிழைதான் குறைவு.

அப்போதுதான் அவளுக்கு மூச்சே வந்தது. ஓரமாகப் போட்ட புல்லியும் அப்போதுதான் கண்ணில் பட்டது.

"இது ஆறு இஞ்சு. நான் மாட்டிக் குடுத்தது நாலு."

மாமா கழுத்தைச் சொறிந்தார். "காத்து சீக்கிரம் ஏறட்டும்னு மாத்தினேன். மோட்டார் அதேதானே?"

"மோட்டார் அதேதான். கம்ப்ரசரை ஒண்ணரை மடங்கு வேகமா ஓட்டச் சொல்றீங்களே. அழுத்தம் ஏறினா நாலரை குதிரை கேக்கும். மூணு குதிரை படுத்துக்காம என்ன செய்யும்?"

டயர்கடைக்கே போய்ப் பழைய புல்லியை அவளே மாட்டினாள். டேங்க் மெதுவாக நிரம்பியது. அழுத்தமானியின் முள் பாதியைத் தாண்டியது, முக்காலைத் தாண்டியது. டேங்க் முழுசாக நிரம்பியதும் மோட்டார் தானாக அடங்கியது.

மாமா எதிர்ச்சாரியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "யோவ் வெல்டரு, உன் மோட்டாரை இவகிட்டயே குடு. தப்பு என் மேலதான்."

காயில்காரி டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்தாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.