மருந்துக்கு முன்னால் திராட்சை

தெருமுனை மாவு மில்லை நடத்துகிறவளுக்கு மில்லக்கா என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். எதையும் சோதிக்காமல் நம்புகிற ஜென்மம் இல்லை அவள். அரைக்கும் கல்லைக் கொத்தி மாட்டினால் முதலில் தவிட்டைப் போட்டு ஓட்டுவாள். கல்தூள் அதோடு வெளியேறின பிறகுதான் அடுத்தவர் கோதுமை உள்ளே விழும். "ஊரார் பல்லு உடைஞ்சா நானா கட்டிக் குடுப்பேன்?" என்பாள்.

அவள் வீட்டுக்காரர் பெயர்ப்பலகை எழுதும் பெயிண்டர். இடது கண் சிறுவயதிலிருந்தே மந்தம். நம்பியிருந்த வலது கண்ணின் கருவிழியும் இரண்டு வருடமாகப் பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிட்டது. தூரிகையைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டு, மில்லுக்கு மேல்மாடியில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். ஒருவழியாக மாற்றுக் கருவிழி வைக்க வெள்ளிக்கிழமை நாள் குறித்தார்கள். ஆபரேஷனைவிட அதற்குப் பிறகுதான் கவனம் வேண்டும் என்றார் டாக்டர். காலை ஆறு முதல் இரவு எட்டு வரை இரண்டு மணிக்கொரு தடவை சொட்டு மருந்து. இரண்டு வகை, நடுவே ஐந்து நிமிட இடைவெளி. சரியாக விடாவிட்டால் உடம்பு புதுக் கருவிழியை ஏற்காமல் தள்ளிவிடக்கூடும்.

மில்லக்கா போனில் அலாரம் வைத்தாள். அன்று திங்கட்கிழமை.

"நாளையிலிருந்து மூணு நாள் ஒத்திகை," என்றாள். "கறுப்பு திராட்சை எட்டு, மஞ்சள் திராட்சை எட்டு. அலாரம் அடிச்சா கறுப்பு ஒண்ணு, அஞ்சு நிமிஷம் கழிச்சு மஞ்சள் ஒண்ணு உங்க வாயில போடுவேன். ராத்திரி கிண்ணம் காலியா இருந்தா பாஸ்."

"மூணு நாளும் திராட்சையா? எனக்கு அடிச்சுது யோகம்!" என்றார் பெயிண்டர்.

முதல் நாள் இரவு கிண்ணம் காலி. மில்லக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. பெயிண்டர் மட்டும் ரேடியோவை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன திருட்டு முழி?"

"பத்து மணிக்கும் நாலு மணிக்கும் நீ வரவே இல்ல. நீ மனசு நொந்துடுவியேன்னு நானே எடுத்துத் தின்னுட்டேன்."

அவளுக்கு வந்ததே கோபம்! பிறகு சிரிப்பு வந்தது. அதன் பின்னால் பயமும் வந்தது. மில் ஓடுகிற சத்தத்தில் மேஜை டிராயரில் கிடந்த போன் கத்தியே ஓய்ந்திருந்தது. போதாததற்கு, கணக்குக் காட்ட வேண்டிய திராட்சை கண்ணெதிரே பொய் சொல்லியிருந்தது.

மறுநாள் கிண்ணம் அலமாரிப் பூட்டுக்குள் போனது. வைப்ரேஷனில் போட்ட போனைத் துணியால் முழங்கையில் கட்டிக்கொண்டாள். பன்னிரண்டு மணிக்குக் கை அதிர்ந்தது. "ஆச்சு, ஆச்சு, வரேன்" என்று அணைத்தாள். அதே நேரம் ஒருவர் மிளகாய் மூட்டையோடு வந்து நின்றார். இரவு கிண்ணத்தில் ஒரு கறுப்பும் ஒரு மஞ்சளும் மிச்சம்.

"அலாரத்தை அணைச்சதுமே வேலை முடிஞ்சுதுன்னு நெனச்சுட்டேங்க," என்றாள். "இதுவே நிஜ மருந்தா இருந்தா?"

"அதான் நிஜம் இல்லையே. அடுத்து என்ன செய்யலாம், அதைச் சொல்லு."

யோசித்து ஒரு சட்டம் போட்டாள். கை அதிர்ந்தால் போனைத் தொடக்கூடாது. மில்லை நிறுத்த வேண்டும், மாடிக்குப் போக வேண்டும், கொடுக்க வேண்டும், சுவரில் கோடு போட வேண்டும், அதற்குப் பிறகே அணைக்கலாம். ஐந்து நிமிடம் கழித்து மஞ்சளுக்கென்று தனி அலாரம். அது ஓய்கிறவரை கீழே இறங்கக்கூடாது.

மூன்றாம் நாள் மில்லில் நல்ல கூட்டம். காலை பத்து மணிக்கு அவள் பட்டென்று சுவிட்சை அணைத்தாள்.

"என் மாவு பாதியில நிக்குதே!" என்றார் ஒருவர்.

"பத்து நிமிஷம் நின்னா மாவு கோவிச்சுக்காது. உங்களுக்கும் அந்தப் பழக்கம் வரட்டும்."

மத்தியானத்துக்குள் வாடிக்கையாளர்களுக்கும் விஷயம் பிடிபட்டுவிட்டது. நான்கு மணிக்கு, பேச்சு சுவாரசியத்தில் அவள் ஒரு கணம் தயங்க, வரிசையில் நின்ற ஓட்டல்காரர் கத்தினார்: "அக்கா, கை அதிருது பாருங்க! மூட்டையை நான் பாத்துக்கறேன், ஓடுங்க!" இரவு கிண்ணம் காலி. சுவரில் பதினாறு கோடுகள். பூட்டின் சாவியோ நாள் முழுக்க அவள் இடுப்பிலேயே இருந்தது. இனி இதை நம்பலாம் என்று அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீடு திரும்பியதிலிருந்து உண்மையான சொட்டுகள். கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, குப்பியின் முனை கண்ணில் படாமல், ஒரு சொட்டு, ஐந்து நிமிடம், இன்னொரு சொட்டு. எத்தனை தடவை என்பதை டாக்டர் மெல்ல மெல்லக் குறைத்தார். ஆனால் அவர் சொன்ன ஒரு வேளைகூடத் தவறவில்லை. கருவிழி தெளிவாக ஒட்டியிருக்கிறது என்று ஒவ்வொரு பரிசோதனையிலும் சொன்னார்கள்.

மூன்றாம் மாதம் ஒரு காலையில் அவள் இரண்டாவது சொட்டையும் விட்டு நிமிர்ந்தாள். பெயிண்டர் சிறிது நேரம் கண்ணை மூடியிருந்துவிட்டுத் திறந்தார். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன் புருவத்துல மாவு ஒட்டியிருக்கு."

துடைக்கப்போன கையைப் பிடித்துக்கொண்டார்.

"இருக்கட்டும். பாத்து ரெண்டு வருஷமாச்சு."

இத்தனை மாதமும் அழாத மில்லக்கா அப்போது அழுதாள். கையில் கட்டிய போன் இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது. அணைக்க இருவருக்குமே தோன்றவில்லை.