எதிர்ச்சாரிப் பலகை

எங்கள் தெருவில் ஐந்து யோகா வகுப்புகள். ஐந்து பலகைகளிலும் தாமரை, ஐந்திலும் கண்மூடி உட்கார்ந்திருக்கும் ஒல்லிப் பெண். என் பலகையில் எழுத்து மட்டும் கூடுதல்: எடை குறைய, சர்க்கரைக்கு, பி.பி.க்கு, குழந்தைகளுக்கு, மன அமைதிக்கு. இடம் இருந்திருந்தால் இன்னும் எழுதியிருப்பேன். திண்டுக்கல்லில் ஓர் ஆளையும் விட்டுவிடக் கூடாது என்ற பயம் எனக்கு. வந்ததோ ஒன்பது பேர். மழை பெய்தால் நான்கு. இப்படியே போனால் தை மாதம் வகுப்பு நடக்கும் மாடியைக் காலி செய்துவிடலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்தது.

எதிர்ச்சாரியில் வகுப்பு வைத்திருந்தவள் என்னோடு ஒரே இடத்தில் பயிற்சி எடுத்தவள். என்னைவிடப் பத்து வயது இளையவள். ஒருநாள் அவள் தாமரையையும் ஒல்லிப் பெண்ணையும் இறக்கிவிட்டு, வெள்ளைப் பலகையில் ஒரு வரி எழுதி மாட்டினாள்: 'முட்டி சரியாகட்டும்னு காத்திருக்காதீங்க, இப்பவே வாங்க.' கீழே சின்னதாக, 'நாற்காலி யோகா'. எடை குறைக்க வந்தவர்களை வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டாள் என்றும் கேள்விப்பட்டேன். பிழைக்கத் தெரியாதவள் என்று சிரித்தேன்.

இரண்டு மாதத்தில் காலை பத்து மணிக்கு அவள் வாசலில் செருப்பு விட இடமில்லை. செம்பட்டியிலிருந்தெல்லாம் பஸ் ஏறி வந்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. என் வகுப்பில் மூச்சை உள்ளே இழுக்கச் சொல்லிவிட்டு, வெளியே விடச் சொல்ல மறந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

கடைசியில் பொறுக்க முடியாமல், வகுப்பு முடிகிற நேரமாகப் பார்த்துப் போனேன். கைப்பிடி இல்லாத நாற்காலிகள், வழுக்காமல் இருக்க ஒவ்வொன்றின் அடியிலும் ரப்பர் பாய். முதல் நாற்காலியில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர், கழுத்தில் ஜெபமாலையோடு. போன வருடம் என் மாடிப்படியை ஒவ்வொன்றாக ஏறி வந்தவர்.

"டீச்சர், இங்கயா வாறீங்க?"

"நீதானம்மா, முட்டி சரியானதும் வாங்கன்னு சொன்ன. அது எங்க சரியாகுது?"

பக்கத்து நாற்காலி அம்மாளும் சிரித்தார். "இந்தப் புள்ள என்னயும் அதயே சொல்லித்தான் அனுப்புச்சு."

எனக்கு முகம் சுட்டது. என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்து அவள் அருகே வந்தாள்.

"சேர வாறவுககிட்ட, இதுக்கு முன்னாடி எங்க போனீக, ஏன் நின்னுட்டீகன்னு கேப்பேன்க்கா. பாதிப் பேரு சொன்னது ஒரே வார்த்தைதான். அதத் திருப்பிப் போட்டு போர்டுல எழுதிட்டேன். உங்க வார்த்தைன்னு தெரியும், கோவிச்சுக்கிராதீக."

கோபித்துக்கொள்ள எனக்கு என்ன இருந்தது? வலியோடு வந்தவர்களை அக்கறையாகத்தான் திருப்பி அனுப்புகிறேன் என்று நினைத்திருந்தேன். ஆள் இல்லை, ஆள் இல்லை என்று புலம்பிக்கொண்டே, வந்த ஆட்களை ஒவ்வொருவராக அவள் வாசலுக்கு அனுப்பியிருக்கிறேன்.

"செத்த நேரம் உக்காருங்கக்கா, டீ குடிச்சிட்டுப் போகலாம்" என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

உட்கார்ந்தேன். முதுகுக்கு அவ்வளவு இதமாக இருந்தது. அதையும் என்னால் பொறுக்க முடியவில்லை.