ஐந்து தாள்கள்

நான் அடிக்கிற ஆள். இதை மறைத்து எழுதுவதில் பயனில்லை. என் அம்மா அகப்பையால் அடித்தார், பள்ளியில் சிஸ்டர் பிரம்பால் அடித்தார், தாதியர் பயிற்சியில் மூத்தவர்கள் நாக்கால் அடித்தார்கள். நான் மூன்றையும் கற்றுக்கொண்டேன். கண்டியில் ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருபது வருடங்களுக்கு மேல் வேலை. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு மருந்துக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதும் என் தலையில்தான் விழுந்தது.

எங்கள் பிரிவுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வெட்டுக்காயம், குத்துக்காயம், பஸ்ஸில் அடிபட்டவர்கள். அப்படியொரு நாளில்தான் பயிற்சிப் பிள்ளை ஒருத்தி முதன்முதலாக என்னிடம் வந்தாள். காணிச் சண்டையில் தம்பியின் கத்தி வயிற்றில் இறங்கிய ஒருவர் கட்டிலில் கிடந்தார். வெளியே அவருடைய ஆட்கள் கண்ணாடிக் கதவைக் காலால் உதைத்துக்கொண்டிருந்தார்கள். நான் தரையிலிருந்த இரத்தத்தில் துணியைப் போட்டு மிதித்தபடியே, "பயமா இருந்தா இப்பவே சொல்லிரு, வீட்டுக்குப் போயிரலாம்" என்றேன்.

"வீட்டுக்கு மட்டும் அனுப்பிராதீங்க மிஸ்" என்றாள்.

அப்போது அதை ஒரு பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டேன். நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம் அவளுக்கு ஊர். தகப்பன் இல்லை. தாதியாகப் போகிறேன் என்று சொன்ன அன்று அண்ணன் விறகுக்கட்டையால் அடித்து இடது கையை முறித்திருக்கிறான். எலும்பு கொஞ்சம் கோணலாகக் கூடியிருப்பதை அவள் கையுறை போடும்போது பார்க்கலாம். பயிற்சிப் பிள்ளைகளுக்கு மருந்துக் கணக்கில் மூன்று தடவை சோதனை. மூன்றிலும் தவறினால் பெட்டியைக் கட்ட வேண்டும். அவள் ஏற்கெனவே இரண்டில் தவறியிருந்தாள்.

கணக்கு இதுதான். இரத்த அழுத்தம் விழுந்துபோன நோயாளிக்கு ஒரு மருந்தைச் சொட்டுச் சொட்டாகப் பம்பில் ஏற்றுகிறோம். ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு ஐந்து மைக்ரோகிராம் என்று டாக்டர் எழுதுவார். ஆனால் பம்ப் கேட்பது மணிக்கு எத்தனை மில்லிலீட்டர் என்று. இடையில் நான்கு படிகள். கலைப்பிரிவில் படித்து வந்த பிள்ளைக்கு அது நான்கு மலை. எடை கட்டிலின் அட்டையில், மருந்தின் அளவு ஊசிக்குழலின் லேபிளில், சூத்திரம் சுவரில். அவள் அட்டையைப் பார்ப்பாள், சுவருக்கு ஓடுவாள், திரும்பி வருவதற்குள் எடை மறந்துவிடும், மறுபடி ஓடுவாள். அதை நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். மந்தம் என்று நினைத்தேன்.

ஒருநாள் அறுபதால் பெருக்குவதையும் ஆயிரத்தால் வகுப்பதையும் விட்டுவிட்டு மணிக்கு அறுபத்திரண்டரை என்று எழுதினாள். வரவேண்டியது மூன்றே முக்கால். அந்த வேகத்தில் ஏற்றினால் முழு ஊசிக்குழலும் ஒரு மணி நேரத்துக்குள் காலி, நோயாளியும் காலி. இரும்பு அடிமட்டத்தால் விரல் முட்டியில் போட்டேன். தோல் பிய்ந்தது. அவள் கையை எடுக்கவில்லை. அடுத்த அடிக்கும் வசதியாக நீட்டியே வைத்திருந்தாள்.

என்னோடு வேலை செய்த தாதி ஒருத்தி, யாழ்ப்பாணத்துப் பெண், என்னைவிடப் பத்து வயது இளையவள், அடிமட்டத்தை என் கையிலிருந்து பிடுங்கினாள்.

"அக்கா, அவவின்ர மண்டை காலியில்லை. நிறைஞ்சு போய்க் கிடக்குது. நாலு விஷயத்தை ஒரே நேரம் தூக்கச் சொன்னா ஆர் தூக்குவினம்?"

"நாங்க எல்லாம் தூக்கலையா?"

"தூக்கினம். எத்தனை பேர் விழுந்தவையெண்டு எண்ணினனீங்களோ?"

அன்றே அவள் ஐந்து தாள்கள் தயார் செய்தாள். முதல் தாளில் எல்லாமே ஓரிடத்தில்: எடை, டாக்டரின் கட்டளை, லேபிளின் படம், அதன் கீழேயே செய்து முடித்த கணக்கு. ஐந்தை ஐம்பது கிலோவால் பெருக்கினால் நிமிடத்துக்கு இருநூற்றைம்பது மைக்ரோகிராம். அறுபதால் பெருக்கினால் மணிக்குப் பதினையாயிரம். ஆயிரத்தால் வகுத்தால் பதினைந்து மில்லிகிராம். ஊசிக்குழலில் ஐம்பது மில்லிலீட்டரில் இருநூறு மில்லிகிராம், அதாவது ஒரு மில்லிலீட்டரில் நான்கு. பதினைந்தை நான்கால் வகுத்தால் மூன்றே முக்கால். இரண்டாவது தாளில் வேறு நோயாளி, கடைசிப் படி மட்டும் வெறுமை. மூன்றாவதில் கடைசி இரண்டும் வெறுமை. நான்காவதில் மூன்று. ஐந்தாவதில் கேள்வி மட்டும்.

"ஊட்டியே விடுறீங்க" என்று நக்கலடித்தேன்.

"சும்மா பார்த்து எழுதவிடக் கூடாது அக்கா. ஒவ்வொரு வரிக்கும் ஏனெண்டு கேக்கோணும். அவ சொல்லோணும்."

யாழ்ப்பாணத்துப் பெண் விடுமுறையில் ஊருக்குப் போக, தாள்கள் என் கைக்கு வந்தன. கேட்டேன். "ஏன்டி அறுபது?" பிள்ளை தாளிலிருந்த கட்டளையில் விரலை வைத்தாள். "டாக்டர் நிமிஷத்துக்குச் சொல்றாரு, பம்பு மணிக்குக் கேக்குது மிஸ்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் ஆறு வாரம் கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்தும் வராத பதில் அது. பயிற்சியில் இருந்த இன்னொரு பெண், விஞ்ஞானப் பிரிவில் படித்தவள், முதல் தாளைப் பார்த்துச் சலித்துக்கொண்டாள். அவளுக்கு அது வேண்டாத பாரம். நேரே ஐந்தாவதைக் கொடுத்தேன், முடித்துவிட்டாள். அதைப் பார்த்ததும் என் புத்தி கெட்டது.

எங்கள் பிள்ளை இரண்டாவது தாளைச் சரியாக முடித்த கையோடு, மூன்றையும் நான்கையும் மடித்துப் பையில் வைத்துவிட்டு, வெறும் தாளை நீட்டினேன். அது மட்டுமா, மருந்தின் அளவையும் மாற்றினேன். அறுபது கிலோ, எட்டு மைக்ரோகிராம், ஊசிக்குழலில் நானூறு மில்லிகிராம். இப்போது ஒரு மில்லிலீட்டரில் எட்டு. அவள் பேனாவை எடுத்துச் செய்தாள். இருபத்தெட்டுப் புள்ளி எட்டு வரை சரியாக வந்தவள், கடைசியில் பழைய நான்காலேயே வகுத்தாள். மூன்று புள்ளி ஆறு வரவேண்டிய இடத்தில் ஏழு புள்ளி இரண்டு. இரட்டை மருந்து.

மூன்று படி சரியாக வந்திருப்பது என் கண்ணில் படவே இல்லை. மேசையிலிருந்த இரும்பு ட்ரேயை எடுத்து வீசினேன். அவளை நோக்கி வீசவில்லை என்று பின்னால் பலரிடம் சொன்னேன். பொய். அவளை நோக்கித்தான் வீசினேன். புருவத்துக்கு மேலே பிளந்து, கண்ணுக்குள் இரத்தம் ஓடியது. அவள் முதலில் செய்த காரியம், தாளில் இரத்தம் படாமல் தள்ளி வைத்தது. மூன்று தையல். ட்ரே அலுமாரியிலிருந்து விழுந்துவிட்டது என்று அவளே டாக்டரிடம் சொன்னாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்து அண்ணன் வந்தான். பார்வையாளர் கூடத்தில் அவள் முகத்தைத் திருப்பிப் பார்த்தான்.

"என்னாடி இது?"

"படியில வழுக்கி விழுந்துட்டேன்."

"படியில விழுந்த மூஞ்சியா இது? அடி வாங்கின மூஞ்சி எனக்குத் தெரியாதா? இங்கயும் அடிதானா? அத வீட்டுலயே நான் குடுக்க மாட்டேனா? எந்திரி!"

முடியைப் பிடித்து இழுத்தான். அவள் உட்கார்ந்திருந்த கதிரை சரிந்து விழுந்தது. அவள் கத்தவில்லை, தரையில் இழுபட்டுக்கொண்டே போனாள். நான் குறுக்கே பாய்ந்து அவன் கையைப் பிடித்தேன். முழங்கையால் என் வாயில் இடித்தான். உதடு கிழிந்து உப்புக் கரித்தது. காவலாளிகள் இருவர் வந்து அவனைப் படிக்கட்டு வழியாக இழுத்துக்கொண்டு போனார்கள். கீழே போகும்வரை கத்தினான். "மூணாவது டெஸ்ட்லயும் கோட்ட விடுவா. வந்து கூட்டிக்கிட்டுப் போறேன். அப்ப யாரு தடுக்கிறான்னு பாக்கிறேன்!"

தரையில் பிடுங்கிய முடி கொத்தாகக் கிடந்தது. அவனைக் கொல்ல வேண்டும் போல இருந்தது. பிறகு அவள் நெற்றித் தையலைப் பார்த்தேன். எனக்கு என்னையே பிடிக்கவில்லை. "மன்னிச்சிரு" என்றேன். "பரவால்ல மிஸ்" என்றாள். சிறுவயதிலிருந்தே சொல்லிப் பழகிய குரல்.

யாழ்ப்பாணத்துப் பெண் திரும்பி வந்ததும் நடந்ததைச் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. என் பையிலிருந்த மூன்றாவது, நான்காவது தாள்களை எடுத்து மேசையில் வைத்தாள். "இதுகளை ஏன் அக்கா ஒளிச்சனீங்கள்?" என்று மட்டும் கேட்டாள்.

சோதனைக்கு ஒன்பது நாள் இருந்தது. நான் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்றாவது தாளைப் போல ஆறு கணக்குகள், பிறகு நான்காவதைப் போல ஆறு. தடுக்கினால் ஒரு படி பின்னால் போய் மறுபடி வந்தோம். லேபிளின் அளவை ஒவ்வொரு கணக்கிலும் மாற்றினேன், ஆனால் அந்தப் படியை அவளுக்கு முன்னால் முழுதாகச் செய்துகாட்டிய பிறகுதான். ஏழாம் நாள் ஐந்தாவது தாளை அவளே கேட்டு வாங்கினாள்.

சோதனையை மேட்ரன் நடத்தினார். சிங்களப் பெண்மணி, தமிழில் 'வாங்க, போங்க'வுக்கு மேல் தெரியாது. பிள்ளையின் சிங்களமும் பஸ்ஸில் டிக்கெட் எடுக்கிற அளவுதான். அதனால் மொழிபெயர்க்க நான் பக்கத்தில் நின்றேன். நாற்பது கிலோ, ஏழு மைக்ரோகிராம். ஊசிக்குழலில் நானூறு மில்லிகிராம்.

அவள் முதலில் லேபிளைத்தான் படித்தாள். இருநூற்றெண்பது. பதினாறாயிரத்து எண்ணூறு. பதினாறு புள்ளி எட்டு. எட்டால் வகுத்து, இரண்டு புள்ளி ஒன்று என்று எழுதிப் பேனாவை வைத்தாள். மேட்ரன் தானே தனியாக ஒருதடவை கணக்குப் பார்த்தார். இரண்டு புள்ளி ஒன்று. "ஹரி" என்று சிங்களத்தில் சரி சொல்லிச் சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணன் இனி வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போக முடியாது.

இவ்வளவு சுத்தமாகச் செய்கிறவளைத் தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே நிரந்தரமாகப் போடலாமே என்றார் மேட்ரன். மொழிபெயர்த்தேன். என்னோடுதான் இருப்பாள் என்று சந்தோஷத்தோடு மொழிபெயர்த்தேன்.

அவள் மேட்ரனைப் பார்த்துத் தமிழிலேயே சொன்னாள். "அங்க வேணாம் மேட்ரன். வேற எந்த வாட்டுன்னாலும் போறேன். இந்த மிஸ் எப்பக் கை ஓங்குவாங்கன்னே பாத்துக்கிட்டு இருந்தா, நோயாளிய நான் எப்படிப் பாக்கிறது?"

மேட்ரன் என் பக்கம் திரும்பினார். அதைச் சிங்களத்தில் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு சொல் விடாமல் சொன்னேன்.