தோழிக்கு எழுதிய ‘தாங்கள்’

காலை எட்டே கால் மணிக்குத் தொலைபேசி அடித்தது. கோபிசெட்டிபாளையத்திலிருந்து என் தோழியின் நாத்தனார்.

“ஏனுங்க, சம்பந்தம் வேண்டாம்னு நெனச்சுட்டீங்களாங்க? உங்க கடுதாசியப் பாத்ததிலிருந்து அண்ணி அழுதுட்டே இருக்கறாங்க. ஒரு வாய் சாப்பிடலீங்க.”

“ஐயோ, அப்படியெல்லாம் இல்லீங்க! அவளக் கொஞ்சம் கூப்பிடுங்க.”

“பேசமாட்டேங்கறாங்க.”

இணைப்பு அறுந்தது. திரும்ப அழைத்தால் மணி மட்டும் அடித்தது.

தோழியும் நானும் கல்லூரி விடுதியில் ஒரே அறை. அவள் மகனுக்கு என் மகளை நிச்சயித்திருந்தோம். வெள்ளிக்கிழமை இரு வீட்டாரும் சேர்ந்து, முதலில் உப்பு வாங்கிவிட்டுக் கல்யாணத் துணி எடுக்கும் உப்பு ஜவுளிக்குப் போவதாக இருந்தது. அதற்குள் அவிநாசியில் என் கணவரின் பெரியப்பா தவறிவிட்டார்.

உடனே, “கேதம் ஆயிருச்சுடி, நாளைத் தள்ளி வெச்சுக்கலாம், கோவிச்சுக்காதே” என்று எழுதினேன். கணவர் வாங்கிப் பார்த்தார்.

“இனி அவங்க சம்பந்தி. இத அவங்க மாமியார் படிப்பாங்க. டீ போட்டு எழுதுனா நம்மள என்னன்னு நெனப்பாங்க? கல்யாணக் கடுதாசியில கேதத்த ஆராச்சும் எழுதுவாங்களா?”

அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. வேறு தாளில் எழுதினேன்: ‘மரியாதைக்குரிய சம்பந்தி அம்மாள் அவர்களுக்கு, தவிர்க்க இயலாத காரணத்தால் ஜவுளி எடுப்பதை ஒத்திவைக்க வேண்டியுள்ளது. தாங்கள் பொறுத்தருள வேண்டும்.’

ஒரு சொல்லில்கூடக் குறை இல்லை. ஆனால் முப்பது வருடமாக ‘வாடி, போடி’ என்றே பேசிய ஒருத்திக்குத் திடீரென்று ‘தாங்கள்’ என்று வந்தால், கதவைச் சாத்துவதாகத்தானே தோன்றும்? சண்டை போட்ட நாட்களில் மட்டும்தான் நாங்கள் ஒருவரையொருவர் ‘நீங்க’ என்போம். தபாலில் போடும்போது அது நினைவுக்கு வரவில்லை.

மகள் குளிக்காமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு, “நேர்ல போயிட்டு வந்தர்றேன்” என்றார். தீட்டோடு அந்த வீட்டு வாசலை எப்படி மிதிப்பது என்று அடுத்த நிமிடமே கழற்றினார். பக்கத்து வீட்டு விசைத்தறிச் சத்தத்தில் மணி கேட்காமல் போய்விடுமோ என்று நான் தொலைபேசியை விட்டு நகரவில்லை.

நண்பகலில் எங்கள் ஊர் கருமத்தம்பட்டிப் பேருந்து நிறுத்தத்திலிருந்து வெயிலில் ஒருத்தி நடந்து வந்தாள். அவளேதான். கண் வீங்கியிருந்தது. வாசலில் நின்றாள்.

“சம்பந்தி அம்மாள் அவர்களே, தாங்கள் உள்ளே வரச் சொல்லுவீங்களா, இல்ல நானே வந்துக்கட்டுமாடி?”

நான் அழுதுகொண்டே பெரியப்பா விஷயத்தைச் சொன்னேன். என் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

“இத எழுதறதுக்கென்னடி? எங்க மாமியாருக்கு உன்ற கடுதாசி அவ்வளவு புடிச்சுப்போச்சு. ‘மருவாதி தெரிஞ்ச ஊடு’ங்கறாங்க. நான்தான் செத்துப் பொழச்சேன். இனிமே அவங்களுக்கு எழுதறத அவங்களுக்கு எழுது, எனக்கு எழுதறத எனக்கு எழுது. தீட்டுக் கழியட்டும், ஜவுளிக்கு வாரோம்.” வாசற்படியில் இருந்த என் மகளைப் பார்த்தாள். “அம்மணி, நீ போய்க் குளி கண்ணு.”