பிங்க் நிறக் கதவு

புளோறன்ஸின் கடைக்குப் பெயர் வைத்தது புளோறன்ஸ் அல்ல. அவளைக் கேலி செய்தவர்கள் வைத்தது. கொட்டாஞ்சேனையில் ஒஸ்வால்ட் அங்கிளின் வீட்டுப் பின்பாதியில் வாடகைக்கு இருந்துகொண்டு ரோல்ஸும் பட்டீஸும் பொரித்து விற்கத் தொடங்கியபோது, அங்கிள் ஒரே ஒரு கட்டளை போட்டார். வாங்க வருகிற சனம் தன் முன்வாசலில் கால் வைக்கக் கூடாது. கண்ட கண்டவர்கள் வந்துபோனால் வீட்டு மரியாதை என்னாவது? அதனால் துறைமுகத்து ஆட்களும் கப்பல் கம்பனிக் கிளார்க்குகளும் வீட்டைச் சுற்றி, பின்னால் இருந்த ஒழுங்கைச் சந்தால் வந்தார்கள். "எங்க வாங்கினனீ?" "பின்கதவில." பின்கதவு என்ற பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

அவமானம் என்று அவள் மூலையில் உட்காரவில்லை. அந்தப் பெயரையே பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயராகப் பதிந்து, சான்றிதழைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில் தொங்கவிட்டாள். இன்ஸ்டகிராமில் ஆங்கில எழுத்தில் pinkathavu என்று ஒரு பக்கமும் திறந்தாள். வந்தது வினை.

டில்ஷானி என்ற சிங்களப் பெண், கப்பல் கம்பனியொன்றில் வேலை பார்ப்பவள், பக்கத்தைப் பார்த்துவிட்டு ஒருநாள் தேடி வந்தாள். ஒழுங்கை முழுவதும் நடந்து, திரும்பி, மறுபடியும் நடந்து, கடைசியில் புளோறன்ஸிடமே விசாரித்தாள். இங்கே எங்கேயோ பிங்க் நிறத்தில் ஒரு கடை இருக்கிறதாமே, 'பிங்க் அத்தாவு', எது என்று. pin-kathavu என்பதை அவள் pink-athavu என்று பிரித்து வாசித்திருந்தாள். புளோறன்ஸ் சிரித்த சிரிப்பில் எண்ணெய்ச் சட்டியில் இருந்த ரோல்ஸ் கருகிப்போனது. மறுநாள் மருதானையில் பெயின்ட் வாங்கிவந்து, கதவுக்குக் கண்ணைப் பறிக்கிற பிங்க் அடித்தாள். டில்ஷானியைக் கதவோடு நிற்கவைத்துப் படம் எடுத்து, நடந்த கதையையும் எழுதிப் போட்டாள். அந்தப் படத்துக்குப் பிறகு வெள்ளவத்தையிலிருந்தும் பாமன்கடையிலிருந்தும் த்ரீவீலரில் ஆள் வந்தது.

வெள்ளவத்தையிலிருந்து வந்த இன்னொன்றுதான் என்னை இந்தக் கதைக்குள் இழுத்தது. நான் நிருஷா, வியாபாரக் குறி, அதாவது ட்ரேட்மார்க், வழக்குகள் பார்க்கிற சட்டத்தரணி. புளோறன்ஸ் தனக்கு வந்த செய்தியைக் கைத்தொலைபேசியில் திறந்து என் மேசையில் வைத்தாள். கஜேந்திரன் என்றொருவர் வெள்ளவத்தையில் 'பின்கதவு கஃபே' திறந்திருந்தார். ரோல்ஸ், பட்டீஸ், கோப்பி. pinkathavu.lk என்ற இணையப் பெயரையும் எடுத்தாயிற்று. இது எங்கள் பெயர், உங்கள் பக்கத்தின் பெயரை மாற்றுங்கள் என்று மிக மரியாதையாக எழுதியிருந்தார். அந்த மரியாதைதான் எனக்கு முதலில் பற்றிக்கொண்டு வந்தது.

"பயப்பிட ஒண்டும் இல்லைதானே, மிஸ்? என்னட்டச் செட்டிபிக்கேட் இருக்கு" என்றாள்.

பயமில்லை என்று சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை. வியாபாரப் பெயரைப் பதிவது, இந்தக் கடையை நடத்துவது யார் என்று அரசாங்கத்துக்குச் சொல்வது மட்டும்தான். பெயரை உங்களுக்கே எழுதித் தருவது அல்ல. அதற்கு வியாபாரக் குறி வேண்டும். கஜேந்திரன் அதற்கு விண்ணப்பித்திருந்தார், புளோறன்ஸ் விண்ணப்பிக்கவில்லை. இணையப் பெயரோ முதலில் கேட்டவருக்கே கிடைக்கும். இவற்றையெல்லாம் சொன்னதும் அவள் முகம் செத்துப்போனது.

பிறகு சொன்னாள்: "முன்பக்கத்தால வராதை எண்டினம், வரேல்ல. இப்ப பின்பக்கத்தையும் பிடுங்கினா நான் எந்தப் பக்கத்தால போறது, மிஸ்?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நல்ல கோபம், வேலை செய்ய வைக்கிற கோபம். விண்ணப்பம் அரசாங்க வர்த்தமானியில் வெளியாகும்வரை கண்ணில் எண்ணெய் விட்டுக் காத்திருந்தேன். வெளியான பிறகு ஆட்சேபிக்க மூன்று மாதம் உண்டு. நான் ஒரு வாரம்கூட எடுக்கவில்லை. பதியாத குறியானாலும் முன்பே அதைப் பாவித்து வியாபாரம் செய்தவரைச் சட்டம் கைவிடாது. ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது: விண்ணப்பித்தவருக்கு அந்தப் பாவனை தெரிந்திருக்க வேண்டும், அல்லது தெரியாமல் இருந்திருக்கவே முடியாது என்று காட்ட வேண்டும். முன்பே பாவித்ததற்குப் பழைய பதிவுகள் இருந்தன. தெரிந்திருந்தது என்பதற்கு?

கஜேந்திரன் சத்தியக் கடதாசியில் அடித்துச் சொல்லியிருந்தார். கொட்டாஞ்சேனைப் பக்கம் போனதே இல்லை, புளோறன்ஸ் என்று ஒருவர் இருப்பதே தெரியாது, பின்கதவு என்பது தமிழ் அகராதியில் உள்ள சாதாரணச் சொல், தன் சொந்தச் சிந்தனையில் உதித்தது. அத்தோடு கஃபேயின் பெயர்ப்பலகைப் படங்களையும் இணைத்திருந்தார். வர்த்தமானியில் அவருடைய சின்னம் கறுப்பு வெள்ளையில்தான் வந்திருந்தது. படங்கள் நிறத்தில் இருந்தன. நான் பார்த்தேன். எழுந்து நின்றேன். புளோறன்ஸுக்கு அழைத்துச் சிரித்தேன்.

விசாரணை, வியாபாரக் குறிகளைப் பதிகிற தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில். புளோறன்ஸ் கோயிலுக்குப் போகிற சேலையில் வந்திருந்தாள். டில்ஷானியும் தன் சத்தியக் கடதாசியைத் தந்துவிட்டு, வேடிக்கை பார்க்கவென்று லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். விசாரித்த அதிகாரி சிங்களவர், தமிழ் தெரியாது. வழக்குக் கோவையைத் திறந்து, ஆங்கில எழுத்தில் இருந்த குறியை உரக்க வாசித்தார்.

"பிங்க்... அத்தாவு."

டில்ஷானி வாயைப் பொத்திக்கொண்டாள். திருத்துவோமா என்று நினைத்தேன், இல்லை, சும்மா இருந்தேன். எதிர்ப்பக்கச் சட்டத்தரணி துடித்துக்கொண்டு எழுந்தார். அப்படி வாசிக்கக் கூடாது, 'பின்', 'கதவு', அதாவது வீட்டின் பின்புறத்துக் கதவு, பிங்க் நிறத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது என்று ஒன்றுக்கு இரண்டு தடவை விளக்கினார்.

அதைத்தான் நான் கேட்க இருந்தேன். அவரே சொல்லித் தந்துவிட்டார்.

பெயர்ப்பலகைப் படத்தை அதிகாரியின் முன் வைத்தேன். பலகை நடுவே பளிச்சென்று ஒரு பிங்க் நிறக் கதவு. தமிழ்ச் சொல்லிலிருந்து தானாகப் பெயரெடுத்தவருக்கு இந்த நிறம் எங்கிருந்து வந்தது? உங்களுக்கு முன் உலகத்திலேயே இந்தச் சொல்லுக்குள் பிங்க் இருப்பதாகக் கண்டவர் ஒருவர்தான், அதோ உட்கார்ந்திருக்கிறார். கண்டது கொட்டாஞ்சேனை ஒழுங்கையில். அதற்குப் பிறகு அடித்த பெயின்ட் அது. அந்தக் கதவோடு டில்ஷானி நிற்கிற படத்தின் திகதி கஃபே திறப்பதற்கு வெகு முன்பு. இன்னொன்றும் கேட்டேன்: மாடியில், ஒற்றைப் படிக்கட்டோடு இருக்கிற கஃபேயில் பின்கதவு எங்கே?

எதிர்ச் சட்டத்தரணி கஜேந்திரனைத் திரும்பிப் பார்த்தார். கஜேந்திரன் ஜன்னலைப் பார்த்தார்.

அன்றைக்கே முடிவு சொல்லும் வழக்கம் அங்கே இல்லை. எழுத்தில் வாதங்கள் கொடுத்து, காத்து, காத்துச் சலித்த பிறகுதான் தீர்ப்பு வந்தது. விண்ணப்பம் நிராகரிப்பு. கஜேந்திரன் மேன்முறையீடு போகவில்லை. பலகையைக் கழற்றினார், கேட்டதும் pinkathavu.lk ஐயும் விட்டுக்கொடுத்தார். புளோறன்ஸின் பெயரில் வியாபாரக் குறிக்கான விண்ணப்பத்தை நானே கையோடு போட்டேன். அவள் தன் கையால் இன்னொரு இணையப் பெயரும் பதிந்தாள், தமிழ் எழுத்திலேயே: பின்கதவு.இலங்கை. அதற்குள் யாரும் பிங்க்கைக் காண முடியாது.

செய்தி சொல்லப் போன அன்று ஒழுங்கை முழுவதும் சனம். ஒஸ்வால்ட் அங்கிள் இடித்துப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குள் வந்தார். இப்படிப் பெயர் எடுத்த பிறகு சனம் ஒழுங்கைக்குள் நெருக்குப்படுவது சரியில்லை, இனி எல்லாரும் முன்வாசலால் வரட்டும், தனக்கு ஆட்சேபணை இல்லை என்றார்.

புளோறன்ஸ் எண்ணெயிலிருந்து கண் எடுக்கவில்லை. ஒரு ரோல்ஸை வடித்து, தட்டில் வைத்து, அவர் கையில் கொடுத்தாள்.

"வேண்டாம் அங்கிள்" என்றாள். "முன்கதவை ஆருக்கும் தெரியாது."