பாஸான பிள்ளையைத் தோற்கடித்த செய்தி

பிளஸ் டூ ரிசல்ட் வருகிற அன்று எங்கள் பத்திரிகைத் தொழிலில் இரண்டு செய்தி எடுத்தாக வேண்டும். ஒன்று, பள்ளியில் முதல் மதிப்பெண் எடுத்த பிள்ளைக்கு அம்மா லட்டு ஊட்டுகிற படம். இன்னொன்று என்னவென்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மத்தியானம் தாண்டியதும் மதுரை டெஸ்க்கிலிருந்து போன் வரும். "என்ன மேடம், உங்க மாவட்டத்துல எதுவும் இல்லையா?" என்பார் உதவி ஆசிரியர். மழை பெய்ததா என்று விசாரிக்கிற குரல். "இல்லை சார்" என்றால் ஒரு சலிப்பு வேறு. பக்கத்து மாவட்டங்களில் எல்லாம் பெய்துவிட்டதாம், ராமநாதபுரம் மட்டும் காய்கிறதாம். நல்ல பிழைப்பு!

அந்த வருஷம் அவர் கேட்கும் முன்பே வந்துவிட்டது. மாவட்ட நிருபர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. ஒருவர் செய்தி போடுவார், மற்றவர்கள் "நன்றி தலைவரே" என்று கும்பிடு பொம்மை போட்டுவிட்டு அதையே எடுத்து அவரவர் அலுவலகத்துக்கு அனுப்புவார்கள். சம்பவ இடத்துக்கு ஒருத்தரும் போக வேண்டியதில்லை. ஒருவர் தப்பு செய்தால் எல்லாரும் ஒற்றுமையாக அதே தப்பைச் செய்வோம், அதில் மட்டும் எங்களுக்குள் போட்டி கிடையாது. அன்றைக்கு உள்ளூர் கேபிள் டிவிக்காரர் போட்டிருந்தார். உத்தரகோசமங்கைப் பக்கத்துக் கிராமம், பிளஸ் டூ மாணவி, தேர்வில் தோல்வி, விபரீத முடிவு. கூடவே சீருடையில் இரட்டை ஜடையோடு அந்தப் பிள்ளையின் படம். எப்படி இறந்தாள் என்பதைச் சமையல் குறிப்பு மாதிரி விலாவாரியாக எழுதியிருந்தார். நான் இங்கே அதை எழுத மாட்டேன்.

அரசு மருத்துவமனைப் பிணவறை வாசலுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது வேப்பமரத்தடியில் நாலைந்து மைக் நின்றது. தரையில் உட்கார்ந்திருந்த தாயின் முகத்துக்கு நேரே ஒருவன் மைக்கை நீட்டி, "இப்ப உங்க மனநிலை எப்படி இருக்கும்மா?" என்றான். மகள் உள்ளே கிடக்கிறாள். மனநிலை கேட்கிறான் எடுபட்ட பயல்! அந்த அம்மாள் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். இவனோ கேமராவைப் பார்த்துத் திரும்பி, "வார்த்தைகளற்றுத் தவிக்கும் தாய்" என்று தானே பேசி முடித்துக்கொண்டான். நான் அவனை இழுத்து ஓரமாக நிறுத்தியதற்கு, "உங்க பேப்பருக்கு நாளைக்குப் போதும்க்கா, எங்களுக்கு இப்பவே வேணும்" என்றான். அதிலும் ஒரு பெருமை.

காக்கிச் சட்டை போட்ட ஓர் ஆள் என்னைத் தனியே கூப்பிட்டார். ஆட்டோ ஓட்டுகிறவர், அதே ஊர். "நீங்க பேப்பர்தான? இவுக எல்லாரும் பிள்ளை தோத்துப்போச்சுன்னு போடுறாகளே, அது பொய்யிம்மா. அது பாஸு. நல்ல மார்க்கு. என் மகளும் அதுவும் ஒரே பெஞ்சு. காலையில என் மகதான் ரெண்டு பேரு நம்பரையும் போட்டு செல்லுல பாத்துச்சு."

"உங்க மகளுக்கு எப்படி?"

அவர் குரல் இறங்கிவிட்டது. "ரெண்டு பாடத்துல போச்சும்மா. சேக்காளி வேற இப்படி ஆகிப்போனா. காலையிலருந்து பச்சத்தண்ணி குடிக்கல. இவுக டிவியில தோத்தா சாகுறதுதான்னு திருப்பித் திருப்பிக் காட்டுறாக. தோத்தது என் மகம்மா. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. பாஸுன்னு போடுங்கம்மா, புண்ணியமாப் போகும்."

இதைத்தான் நிருபர்களுக்கு நடத்திய பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். ஒரு மரணத்தை எழுதுகிற விதம், அதே நிலையில் இருக்கிற இன்னொருவருக்கு வழிகாட்டிவிடும் என்று. மதுரையில் குளிர்சாதன ஓட்டல், மட்டன் பிரியாணி, கடைசியில் சான்றிதழ். எப்படி, எங்கே என்று எழுதாதே, ஒற்றைக் காரணம் சொல்லாதே, படம் போடாதே, முதல் பக்கத்தில் வைக்காதே, உதவி எண்ணைச் சேர் என்று மனநல மருத்துவர் ஒருவர் பொறுமையாகச் சொன்னார். எங்கள் ஆட்கள் அவரோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். அத்தோடு சரி. உதவி எண் மட்டும் பிடித்துப்போயிற்று. மேலே எல்லாக் கூத்தையும் காட்டிவிட்டுக் கீழே எண்ணை ஓடவிடுவது. சாராய பாட்டிலில் எச்சரிக்கை ஒட்டுகிற மாதிரிதான்.

இறந்த பிள்ளையின் தாய்மாமன் நாங்கள் பேசுவதைக் கவனித்துவிட்டார். விவசாயி, துண்டை இறுக்கிப் பிடித்தபடி வந்தார். அவரிடம் மார்க் விவரம் சரிதானா என்று மெதுவாகக் கேட்டேன். அவர் மறுக்கவில்லை.

"பாஸுதான். ஆனா அதைப் போட்றாதீக, தாயீ."

"ஏன் அய்யா?"

"தோத்துப்போச்சு, செத்துப்போச்சுன்னா ஊரு ரெண்டு நாளு அழுதுட்டு விட்டுரும். பாஸான பிள்ளை ஏன் செத்துச்சுன்னு கேட்டா நாங்க என்ன சொல்ல? எவன்கூடப் பேசுச்சு, எவன்கூடச் சுத்துச்சுன்னு ஆளாளுக்கு ஒரு கதை கட்டுவாக. போனவளுக்கு அந்தப் பேரும் வேணுமா? ஒண்ணு தோல்வின்னே இருக்கட்டும். இல்லாட்டி வயித்துவலின்னு போட்டுருங்க."

வயிற்றுவலி! எங்கள் மாவட்டத்துப் பத்திரிகைகளைப் படித்தால் இந்தப் பகுதியில் பாதிப் பேர் தீராத வயிற்றுவலியால்தான் போயிருப்பார்கள். வீட்டார் சொல்வார்கள், போலீஸ் எழுதிக்கொள்ளும், நாங்கள் அச்சடிப்போம். எல்லாருக்கும் பொய்யென்று தெரியும். அதற்கு ஒரு டாக்டரும் மருந்து எழுதியதில்லை. ஆனால் அந்த மனிதரைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. ஊர் அப்படித்தான் பேசும்.

ஆட்டோக்காரர் குறுக்கே விழுந்தார். "மச்சான், உங்க பிள்ளை போயிருச்சு. என் பிள்ளை இருக்கு."

"உன் பிள்ளைக்காக என் பிள்ளையை நாறடிக்கணுமாடா?"

இரண்டு பேரும் அழுதார்கள். நான் நடுவில் நின்றேன். பாஸ் என்று எழுதினால் செத்தவள் பெயர் கெடும், எழுதாவிட்டால் உயிரோடு இருப்பவளுக்கு என்ன ஆகும் என்று தெரியாது. பிரியாணி போட்ட வகுப்பில் இதற்கு விடை சொல்லித் தரவில்லை.

டெஸ்க்குக்குப் போன் செய்தேன். "சார், தோல்வி இல்லை. அந்த வார்த்தையை எடுத்துருங்க. காரணமே வேண்டாம். படம் வேண்டாம், மைனர் பிள்ளை. ஊர் பேர் வேண்டாம். உள்பக்கத்தில நாலு வரி, உதவி எண். பக்கத்துலயே துணைத்தேர்வுக்கு எப்படி விண்ணப்பிக்கிறதுன்னு ஒரு செய்தி தாரேன்."

"எல்லாரும் முதல் பக்கம் போடுறான், நாம மட்டும் விரதமா? சரி, தோல்வி இல்லைன்னா என்ன, காதலா?" என்றார். குரலில் ஒரு சுறுசுறுப்பு. அந்தத் தாய்மாமன் பயந்தது இந்தக் குரலுக்குத்தான்.

"தெரியாது சார். எனக்கும் தெரியாது, போலீசுக்கும் தெரியாது. தெரியாததை எழுதணும்னா என் பேரு இல்லாம எழுதிக்கங்க" என்று கத்தினேன். பிணவறை ஊழியர் திரும்பிப் பார்த்தார். கடைசியில் நான் சொன்ன நாலு வரிதான் வந்தது. துணைத்தேர்வுச் செய்தி வரவில்லை, நகைக்கடை விளம்பரம் வந்துவிட்டதாம். மற்ற பத்திரிகைகள் எல்லாவற்றிலும் அந்த இரட்டை ஜடைப் படமும், "தேர்வில் தோல்வி" என்ற கொட்டை எழுத்தும் இருந்தன. டிவி அதற்கு ஒரு கார்ட்டூன் படமே வரைந்து ஓட்டியது. நாசமாய்ப் போகிறவர்கள்.

மறுநாள் காலையில் ஆட்டோக்காரர் வீட்டுக்கு ஸ்கூட்டரில் போனேன். பேட்டிக்கு இல்லை, எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். அவர் ஊர் டீக்கடைக்கு வந்த பேப்பரையெல்லாம் விடியும்போதே வாங்கி ஆட்டோ சீட்டுக்கு அடியில் அமுக்கியிருந்தார். டிவி வயரையும் பிடுங்கிவிட்டார். ஆனால் செல்போன் காலத்தில் எதை மறைக்க முடியும்? அந்தப் பெண் எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். சுவரோரம் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள், கண்கள் வீங்கியிருந்தன. பக்கத்தில் தட்டில் தோசை, பாதி தின்றது. அவள் அம்மா அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ பாஸுன்னு உங்களுக்குத் தெரியும்லக்கா?"

"தெரியும்மா."

"அப்பறம் ஏன் போடல?"

மாமன் சொன்னதைச் சொன்னேன். மழுப்பாமல் சொன்னேன். "அவரு சொல்றதும் சரிதான். இந்த ஊரு வாயி அப்படி. அவ பாவம்" என்றாள். பிறகு, "செத்துரலாமான்னு எனக்கும் நேத்து தோணுச்சுக்கா" என்றாள். தாய் வாயைப் பொத்திக்கொண்டாள். பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததில் உருப்படியான ஒன்று இதற்குப் பயன்பட்டது. பயப்படாமல், புத்தி சொல்லாமல் கேட்பது. இப்போதும் தோன்றுகிறதா என்று நேரடியாகவே கேட்டேன். "இல்ல. எங்க அய்யா ராத்திரி பூரா பக்கத்துலயே உக்காந்துருந்தாக" என்றாள். ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரிடம் நானே கூட்டிப்போகிறேன் என்றேன். தகப்பன் ஆட்டோ சாவியை அப்போதே கையில் எடுத்துவிட்டார்.

துணைத்தேர்வு பற்றிக் கேட்டாள். சொன்னேன். அடுத்த மாதமே எழுதலாம், இதே வருஷம் காலேஜில் சேரலாம் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இதை ஏங்க்கா ஒருத்தரும் போடல?"

அவள் கேட்ட கேள்விக்கு அங்கேயே உட்கார்ந்து டெஸ்க்குக்குப் போன் போட்டேன். தகப்பனும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தேன். பெயரில்லாமல், ஊரில்லாமல், வீட்டார் சம்மதத்தோடு ஒரு செய்தி. ரெண்டு பாடத்தில் தோற்ற பிள்ளை, சேக்காளியை இழந்த பிள்ளை, துணைத்தேர்வுக்குத் தயாராகிறாள்.

அந்தப் பக்கம் கொட்டாவி கேட்டது. "என்ன மேடம் நீங்க. ஒரு பிள்ளை உசுரோட இருக்கிறதெல்லாம் ஒரு செய்தியா?"

நான் வாயைத் திறக்கும் முன் அவள் போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"சார், தோத்த பிள்ளை செத்துருச்சுன்னு ஊரு உலகமெல்லாம் போட்டீக. அந்தத் தோத்த பிள்ளை நான்தான். இந்தா உக்காந்து தோசை தின்னுக்கிட்டு இருக்கேன். போடுங்க."