உருளைக்கிழங்கில் இரண்டு சொட்டு

டீச்சர் அந்தக் கடிதத்தை என் கையில் கொடுத்தபோது நான் முட்டை உரித்துக்கொண்டிருந்தேன். தலைமை ஆசிரியர் புதுக்கோட்டையில் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார். நாளைக் காலை டீ கொண்டுபோகும்போது அவர் மேசையில் வைத்துவிடச் சொல்லிவிட்டு டீச்சர் வகுப்புக்குப் போய்விட்டார். அறிவியல் மன்றம் தொடங்க அனுமதி கேட்டு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதியதாம்.

அன்னவாசல் பக்கத்துப் பள்ளிக்கூடம் எங்களுடையது. அதில் நான் சத்துணவுச் சமையல்காரி. பிள்ளைகளுக்கு ஆயா. மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள், அதிலும் ஒரு வருடம் மாடு மேய்க்கப் போனேன். ஆனால் அடுத்தவர் கடிதம் என்றால் எழுத்துக் கூட்டியாவது படித்துவிடுவேன். அந்தக் குணம் மட்டும் முழுப் படிப்புப் படித்தது.

கையைத் துடைத்துக்கொண்டு பிரித்தேன். அனுப்புநர், பெறுநர், பொருள் என்று மேலே இருந்தது. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் கூடுவார்களாம். மழை அளக்க பாட்டிலும் ஸ்கேலும். இலை பார்க்க ஆறு கைலென்ஸ். காந்தம் நாலு, மெழுகுவர்த்தி, பலூன். எனக்குச் சிரிப்பு வந்தது, திருவிழாச் சாமான் மாதிரி இருந்தது. அப்புறம் ஒரு வரியில் என் கண் நின்றுவிட்டது. உப்பு என்ற சொல்லை நான் கூட்டிப் படிக்க வேண்டியதில்லை, பாக்கெட்டில் தினமும் பார்க்கிறேன். 'சத்துணவுக் கூடத்து உப்பில் அயோடின் உள்ளதா எனச் சோதித்தல்.'

காகிதத்தை மடித்துப் புளி டப்பாவுக்குள் போட்டு மூடினேன்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். அரசாங்கம் எங்களுக்குப் பாக்கெட் உப்பு தருகிறது. மாவு மாதிரி இருக்கும். எனக்குக் கைதான் கரண்டி. நூறு பிள்ளைக்குச் சாம்பார் என்றால் இத்தனை பிடி என்று விரலுக்குத் தெரியும். அந்தத் தூள் உப்பு விரலிடுக்கில் ஒழுகி அளவைத் தப்ப வைத்தது. ஒருநாள் சாம்பார் உப்புக்கரித்துப் பிள்ளைகள் தட்டோடு வேப்பமரத்தடியில் கொட்டினார்கள். அன்றைக்கு எனக்கு வந்த அவமானத்தில், மறுநாளிலிருந்து உப்பு வண்டிக்காரனிடம் கல்லுப்பு வாங்கிப் போட ஆரம்பித்தேன். இரண்டு வருடம் ஆயிற்று. பாக்கெட்டுகள் செலவானதாகச் சொல்லிக்கொண்டு ஒரு சாக்கில் கட்டி விறகுக்குப் பின்னால் வைத்திருந்தேன். ஒன்றைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. ஆனால் அந்தச் சாக்கை யாராவது அவிழ்த்தால், திருடி ஒளித்து வைத்தவள் என்றுதான் சொல்வார்கள். ஓய்வுபெற மூன்று வருடம் இருந்தது.

கடிதம் எழுதிய பெண் மறுநாள் தட்டோடு வந்தாள். இரட்டைச் சடை, வாயாடி. சாதம் போட்டுக்கொண்டே அவள் வாயைக் கிளறினேன்.

"என்னத்தா விஞ்ஞானி, உப்புக்கெல்லாம் பரீட்சை வைக்கிறீகளாமே. பாஸாகலன்னா டிசி குடுப்பீகளோ?"

"சிரிக்காதீங்க ஆயா. அயோடின் இல்லாத உப்பையே சாப்பிட்டா தொண்டையில வீக்கம் வரும். படிப்பும் மந்தமாயிருமாம். டீச்சர் சொன்னாங்க."

"ஒனக்கு எப்புடித் தெரியும் அது இருக்கா இல்லையான்னு?"

உருளைக்கிழங்கை வெட்டி அதன்மேல் உப்பைத் தூவ வேண்டுமாம். ஒரு நிமிடம் கழித்து எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விட வேண்டுமாம். நீலமானால் அயோடின் உண்டு. அவள் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் கரண்டியை வைத்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு வரிசையில் வந்த ஒவ்வொரு பிள்ளையின் கழுத்தையும் பார்த்தேன். ஒரு பையன் மஃப்ளர் சுற்றியிருந்தான், சளியாம். அவிழ்த்துக் காட்டச் சொல்லிவிட்டு அப்புறம்தான் சோறு போட்டேன்.

வீட்டுக்குப் போனதும் அடுப்பங்கரைக் கதவைச் சாத்தினேன். ஒரு கிழங்கை இரண்டாக வெட்டினேன். பள்ளிக்கூடத்துப் பாக்கெட்டிலிருந்து சீட்டில் மடித்துக் கொண்டுவந்த ஒரு சிட்டிகை ஒரு பாதியில், என் கல்லுப்பை நுணுக்கி இன்னொரு பாதியில். எலுமிச்சையைப் பிழிந்தேன். பாக்கெட் உப்பு போட்ட பக்கம் கன்றிப்போன தோல் மாதிரி நீலம் பாய்ந்தது. என் உப்பு போட்ட பக்கம் கிழங்காகவே இருந்தது. எவ்வளவு நேரம் பார்த்தாலும் கிழங்குதான். அதை நான் சமைக்கவுமில்லை, தூரப் போடவுமில்லை. தட்டைப் போட்டு மூடி வைத்தேன்.

புதன், வியாழன் போயிற்று. டீச்சர் கேட்டார், மேசையில்தான் வைத்தேன் என்றேன். அந்தப் பெண் சாப்பிட வந்தவள் வழக்கம்போல வாயாடவில்லை. தலைமை ஆசிரியர் கடிதத்தைப் படித்தே பார்க்காமல் போட்டுவிட்டார் என்று அவளுக்குத் தோன்றியிருந்தது. இனிமேல் எதுவும் எழுதிக் கேட்கப் போவதில்லை என்று பக்கத்துப் பிள்ளையிடம் சொன்னாள். எனக்குச் சோறு வெந்த வாசனைகூடத் தெரியவில்லை. டீச்சர் நேராகப் போய்க் கேட்கப் போவதாகச் சொன்னது காதில் விழுந்ததும் புளி டப்பாவைத் திறந்தேன்.

தலைமை ஆசிரியர் கடிதத்தைப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். ஓரத்தில் புளிக்கறை.

"ஏன் ஆயா, இதுக்கு ரசம் வச்சியளா?"

மறந்துபோய் அடுப்படியில் வைத்துவிட்டதாகச் சொன்னேன். பொய்தான். அவர் முழுதும் படித்துவிட்டு, மெழுகுவர்த்தி ஏற்றும்போது டீச்சர் கூட இருக்க வேண்டும் என்று எழுதி, கைலென்ஸ் பழைய பீரோவில் இருக்கிறது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். நான் வெளியே வந்ததும் முதல் வேலையாகச் சாம்பாரில் பாக்கெட் உப்பைக் கரண்டியால் அளந்து போட்டேன். தப்பித்தாயிற்று என்று நினைத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை கூடத்தில் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். தலைமை ஆசிரியரும் வந்து நின்றார். நான் பாக்கெட் உப்பை ஒரு கிண்ணத்தில் வைத்தேன். கிழங்கில் நீலம் வந்தது, கைதட்டினார்கள். அந்தப் பெண் மட்டும் தட்டவில்லை.

"டீச்சர், அயோடின் இல்லாத உப்பையும் போட்டுப் பாத்தாத்தானே தெரியும். எலுமிச்சை பட்டதாலயே நீலமாச்சுன்னா?"

டீச்சருக்குப் பெருமை. அப்படி ஒரு உப்புக்கு எங்கே போவது, கடையில் எல்லாமே அயோடின் உப்புதானே, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். பிள்ளைகள் முகம் தொங்கியது. அவள் நோட்டில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டாள். வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் அன்றைக்கு எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அந்தக் காலிக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அடுப்படிக்குப் போய், கல்லுப்பு ஜாடியை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தேன்.

நீலம் வரவில்லை. அவள் கட்டத்தை நிரப்பினாள். தலைமை ஆசிரியர் ஜாடியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இது எங்க இருந்துச்சு ஆயா?"

"ஒங்க சாம்பார்ல சார். ரெண்டு வருசமா."

மணி அடித்ததும் தம் அறைக்கு வரச் சொன்னார். சாக்கையும் இழுத்துக்கொண்டு போனேன். எண்ணிப் பார்க்கச் சொன்னேன், அவர் எண்ணவில்லை. நடந்ததை எழுதிக் கொடுங்கள், மேலே அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றார். டீச்சர் எழுதித் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். அந்தப் பெண்ணின் கடிதத்தை வாங்கி எதிரில் வைத்துக்கொண்டு, அதே மாதிரி அனுப்புநர், பெறுநர் எழுதினேன். பொருள் என்ற இடத்தில் 'உப்பு' என்று எழுதினேன். மீதியை எழுத மாலை விளக்கு போடும் நேரமாயிற்று. கடைசியில், பிள்ளைகள் கழுத்தை டாக்டரை விட்டுப் பார்க்கச் சொல்லி ஒரு வரி சேர்த்தேன்.

டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார். ஒரு கழுத்திலும் ஒன்றும் இல்லை. என் கடிதத்துக்குத்தான் இன்னும் பதில் வரவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் மன்றத்துக்கு ஒரு கிண்ணம் கேட்டு அந்தப் பெண் வருவாள். வாசலில் நிழல் விழும் ஒவ்வொரு தடவையும், தபால்காரரோ என்று கரண்டியை நிறுத்திப் பார்க்கிறேன்.